வகுப்புப் பதிவுகளுக்கு இடம் கேட்டு ஆசிரியர் எழுதும் கடிதம்: அதில் என்ன இருக்க வேண்டும்?

வகுப்பில் நடத்தும் பாடத்தை வீடியோவாகப் பதிவு செய்து, மாணவர்கள் வீட்டில் மீண்டும் பார்க்கக் கொடுக்கும் வழக்கம் கொரோனா காலத்தில் பல பள்ளிகளுக்கு வந்தது. பள்ளிகள் திறந்த பிறகும் சில ஆசிரியர்கள் அதை விடவில்லை. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்த பிள்ளை, குடும்பத்தோடு உம்ராவுக்குப் போய்விட்டுப் பதினைந்து நாள் கழித்து வரும் பிள்ளை, வகுப்பில் கை தூக்கிக் கேட்கத் தயங்கும் பிள்ளை ஆகிய மூவருக்கும் அந்தப் பதிவுதான் துணை. குறிப்பாகப் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஒரு கணிதப் பாடம் விட்டுப்போனால் அடுத்த நான்கு பாடங்கள் புரியாது என்பது பெற்றோர்களுக்குத் தெரியும்.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் ஆர்வக் குறைவால் நிற்பதில்லை. பதிவுகளைப் போட்டு வைக்கும் பொது இடம் நிறைந்து விடுவதால் நிற்கிறது. இடம் நிறைந்தால் புதிய பதிவு ஏறாது. உடனே யாராவது பழைய பதிவுகளை அழிக்கத் தொடங்குவார்கள். போன மாதப் பாடத்தை இன்னும் பார்க்காத பிள்ளைக்கு அது இல்லாமல் போகும். ஆசிரியர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுப்பார்: "வகுப்புப் பதிவுகளுக்கு இடம் போதவில்லை. கூடுதல் இடம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." அந்தக் கடிதம் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அலுவலகத்தைக் குறை சொல்வதற்கு இதில் அதிகம் இல்லை. அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு அவர்களால் எதுவும் முடிவு செய்ய முடியாது. எந்த இடம் நிறைந்தது, எவ்வளவு கூடுதலாக வேண்டும், எதுவரை வேண்டும் என்ற மூன்றும் கடிதத்தில் இருந்தால் பல பள்ளிகளில் இது பத்து நிமிட வேலை. அதை எப்படிக் கணக்கிட்டு எழுதுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் கல்வி அறக்கட்டளை நிர்வாகத்திலும் இருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

நிறைந்தது எந்த இடம்?

நம் பள்ளிகளில் அதிகம் பழக்கத்தில் இருப்பது கூகுள் டிரைவ் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். 'ஷேர் செய்தது' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது அதில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள்.

முதலாவது, ஒரு ஆசிரியர் தன் சொந்தக் கணக்கில், திரையில் `My Drive` என்று காட்டும் பகுதியில் ஒரு கோப்புறை திறந்து, அதை மற்ற ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்வது. பார்வைக்கு அது பொதுக் கோப்புறை போலவே இருக்கும். ஆனால் அதில் யார் எந்தக் கோப்பை ஏற்றினாரோ, அது அவருடைய சொத்து. இடமும் அவருடைய கணக்கில்தான் கழியும். அவர் பள்ளியை விட்டுப் போய், அலுவலகம் அவருடைய கணக்கை நீக்கிவிட்டால், அவர் ஏற்றிய பதிவுகளும் போய்விடும். பள்ளிக் கணக்கை நீக்கிய 20 நாட்களுக்குள் நினைவு வந்தால் நிர்வாகியால் மீட்க முடியும். அதற்கு மேல் முடியாது. ஏப்ரலில் ஒரு நல்ல இயற்பியல் ஆசிரியர் வேறு ஊருக்குப் போக, ஜூன் மாதம் அவருடைய பாடங்களைத் தேடினால் ஒன்றும் இருக்காது. காரணம் இதுதான்.

இரண்டாவது, திரையின் இடப்பக்கத்தில் `Shared drives` என்று தனியாகத் தெரியும் பகுதி. இது பள்ளிக்கான கணக்குகளில் இருக்கும். நாம் வீட்டில் வைத்திருக்கும் சாதாரண ஜிமெயிலில் கிடையாது. இதில் ஏற்றும் கோப்பு பள்ளியின் சொத்து. ஆசிரியர் மாறினாலும் கோப்பு மாறாது. வகுப்புப் பதிவுகள் இருக்க வேண்டிய இடம் இதுதான்.

ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்ய வேண்டும். புதிய பதிவு ஏறவில்லை என்றால், ஒரு சிறிய கோப்பைத் தன் சொந்த `My Drive` பகுதியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அங்கே ஏறி, பொது டிரைவில் ஏறவில்லை என்றால், அந்தப் பொது டிரைவுக்கு நிர்வாகி வைத்த வரம்பு முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். தன் பகுதியிலும் ஏறவில்லை, ஆனால் சக ஆசிரியருக்கு ஏறுகிறது என்றால், தன் கணக்கின் வரம்புதான் முடிந்திருக்கிறது. யாருக்குமே எங்குமே ஏறவில்லை என்றால் பள்ளி முழுவதற்குமான இடம் தீர்ந்திருக்க வாய்ப்புண்டு. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு என்பதால், இது எந்த வகை என்று கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னும் பல சிறிய பள்ளிகளில் பள்ளிக் கணக்கே இல்லை. ஒரு ஆசிரியரின் அல்லது அலுவலகத்தின் சாதாரண ஜிமெயிலில்தான் எல்லாம் ஓடுகிறது. அதில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மின்னஞ்சல், புகைப்படங்கள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். அப்படிப்பட்ட பள்ளியில் 'கூடுதல் இடம்' கேட்பதைவிட, பள்ளியின் பெயரில் கூகுளின் இலவசக் கல்விக் கணக்குக்கு விண்ணப்பிக்கும்படி கேட்பதுதான் சரியான கோரிக்கை. அதற்குப் பள்ளிக்கென்று சொந்த இணைய முகவரி இருக்க வேண்டும். பள்ளி உண்மையான கல்வி நிறுவனம்தானா என்று சரிபார்த்த பிறகே தருவார்கள். கிடைத்தால், பள்ளி முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட், அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் ஜிபி பொதுவாகக் கிடைக்கும். 2022 வரை இதற்கு உச்சவரம்பே இல்லாமல் இருந்தது. கூகுள் அதை மாற்றிய பிறகுதான் பள்ளி நிர்வாகிகள் ஒவ்வொருவருக்கும் வரம்பு வைக்கத் தொடங்கினார்கள். 'முன்பெல்லாம் ஏறிக்கொண்டே இருந்ததே, இப்போது ஏன் தடை?' என்று சில ஆசிரியர்கள் கேட்பதற்குப் பின்னணி இதுவே.

எவ்வளவு வேண்டும்?

கடிதத்தின் உயிர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு எடுத்துக்காட்டை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பள்ளியின் பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்கள், ஐந்து ஆசிரியர்கள். எல்லா வகுப்பையும் பதிவு செய்வதில்லை. புதிய பாடம் நடத்தும் வகுப்புகளை மட்டும் பதிவு செய்கிறார்கள். ஒருவருக்கு வாரத்துக்கு மூன்று வகுப்பு என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேருக்குப் பதினைந்து. ஜூலை நடுவில் தொடங்கி, காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் போக, டிசம்பரில் பாடங்கள் முடியும் வரை 20 வேலை வாரங்கள். மொத்தம் 300 பதிவுகள். ஒன்று 40 நிமிடம்.

இப்போது ஒரு பதிவு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்க்க வேண்டும். ஐபோனில் வீடியோ அமைப்புகளைத் திறந்தால், ஒரு நிமிட வீடியோ எவ்வளவு இடம் எடுக்கும் என்று அதுவே எழுதிக் காட்டும். பழைய முறைச் சுருக்கத்தில் 1080 தரத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்பி. மற்ற போன்களில் எண் சற்று முன்பின்னாக இருக்கும். ஒரு நிமிடம் பதிவு செய்து, கோப்பின் அளவைப் பார்த்தாலே போதும்.

130 எம்பி வீதம் 40 நிமிடத்துக்கு 5,200 எம்பி, அதாவது 5.2 ஜிபி. இலவச ஜிமெயிலின் 15 ஜிபியில் முழுதாக மூன்று வகுப்புகூட அடங்காது. 300 வகுப்புக்கு 1,560 ஜிபி. ஒரே ஒரு வகுப்புக்கு ஒன்றரை டெராபைட்டுக்கும் மேல்! இந்த எண்ணைக் கடிதத்தில் எழுதினால் எந்த அலுவலகமும் யோசிக்கத்தான் செய்யும். மற்ற வகுப்பு ஆசிரியர்களும் இதேபோல் கேட்டால் எங்கே போவது?

ஆனால் கரும்பலகையில் எழுதுவதைப் பார்க்க இவ்வளவு தேவையே இல்லை. போனின் கேமரா, எதிரில் இருப்பது ஓட்டப்பந்தயமா கரும்பலகையா என்று பார்ப்பதில்லை. எதுவானாலும் நிறையத் தகவலை எழுதித் தள்ளும். அதைக் கணினியில் போட்டு 720 தரத்துக்குக் குறைத்து, மறுபடி சுருக்கினால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 7.5 எம்பியில் அடக்கிவிடலாம். ஒரு வகுப்புக்கு 300 எம்பி. 300 வகுப்புக்கு 90 ஜிபி. ஒன்றரை டெராபைட் எங்கே, 90 ஜிபி எங்கே! பிள்ளைகள் பார்க்கப் போவது அதே பாடம்தான்.

இப்படிச் சுருக்க இலவச மென்பொருள்கள் உள்ளன. பட்டன்களை அழுத்திச் செய்ய விரும்புவோர் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 720 அமைப்பைத் தேர்ந்தெடுத்து, `Avg Bitrate` என்ற இடத்தில் 900 என்று கொடுத்தால் போதும். பள்ளிக் கணினிக் கூடத்தில் எஃப்எஃப்எம்பெக் இருந்தால் கணினி ஆசிரியர் இந்த ஒரு வரியால் செய்துவிடுவார்:

```
ffmpeg -i vaguppu.mp4 -vf scale=-2:720 -c:v libx264 -b:v 900k -c:a aac -b:a 96k vaguppu_720.mp4
```

இதில் 900 என்பது படத்துக்கும் 96 என்பது ஒலிக்கும் ஒரு நொடிக்கு ஒதுக்கும் அளவு, கிலோபிட்டில். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ ஆயிரம் கிலோபிட்; எட்டால் வகுத்து அறுபதால் பெருக்கினால் நிமிடத்துக்கு 7.5 எம்பி கிடைக்கும். அளவை இப்படி முன்கூட்டியே கட்டி வைப்பதால், கடிதத்தில் எழுதும் எண் ஊகமாக இருக்காது. மாதக் கடைசியில் அலுவலகம் பார்த்தாலும் கணக்கு ஒத்துப்போகும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வீடியோவைச் சுருக்கும்போது, முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதைத்தான் கணினி பெரும்பாலும் எழுதி வைக்கிறது. கேமரா அசையாமல் இருந்தால் பலகையும் சுவரும் மாறுவதில்லை; கிடைக்கும் 900 கிலோபிட்டும் ஆசிரியருக்கும் எழுத்துக்கும் போய்ச் சேரும். ஒரு மாணவன் போனைக் கையில் பிடித்து எடுத்தால் ஒவ்வொரு நொடியும் படம் முழுவதும் ஆடும். இடம் அந்த ஆட்டத்துக்கே செலவாகி, பலகை எழுத்து மங்கிவிடும். சட்டகத்துக்குள் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தாலும், சன்னல் திரை பறந்துகொண்டிருந்தாலும் இதே கதைதான். எனவே போனை ஸ்டாண்டில் நிறுத்தி, பலகை மட்டும் தெரியும்படி வைக்க வேண்டும். சுருக்கிய முதல் பதிவை ஒரு சாதாரண போனில் போட்டு, பலகையின் ஓரத்தில் எழுதிய சிறிய அடுக்குக்குறி, உதாரணமாக x-இன் தலையில் இருக்கும் 2, தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் 900-ஐ 1,400 ஆக்கலாம். தேவைப்படும் இடம் 135 ஜிபியாக உயரும். அப்போதும் பெரிய தொகை அல்ல.

சிறிய கோப்பால் வீட்டுக்கும் லாபம். அத்தாவின் போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா என்றால், 5.2 ஜிபி கோப்பைத் தரவிறக்க அந்தப் பிள்ளையால் முடியவே முடியாது. 300 எம்பி என்றால் அன்றைய டேட்டாவில் ஐந்தில் ஒரு பங்கு.

அழித்தும் இடம் குறையவில்லையே?

கடிதம் கொடுப்பதற்கு முன் ஆசிரியர்கள் தங்களால் ஆன சுத்தத்தைச் செய்வார்கள். ஏற்கெனவே ஏற்றிய பெரிய கோப்புகளைச் சுருக்கி, பெரியதை அழித்துவிட்டுச் சிறியதை ஏற்றுவார்கள். அப்புறம் பார்த்தால் பயன்படுத்திய இடம் கொஞ்சமும் குறைந்திருக்காது. குழம்பிப்போய்ச் சிலர் மேலும் மேலும் அழிப்பார்கள்.

அழித்த கோப்பு உடனே மறைவதில்லை. குப்பைத் தொட்டிக்குப் போய் அங்கே 30 நாள் இருக்கும். அதுவரை இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். சொந்தப் பகுதி என்றால் தொட்டியை நாமே காலி செய்யலாம். பொது டிரைவில் அப்படி அல்ல. கோப்பைத் தொட்டிக்கு அனுப்ப ஆசிரியருக்கு உரிமை இருந்தாலும், அங்கிருந்து நிரந்தரமாக நீக்க, அந்த டிரைவின் மேலாளர் உரிமை உள்ளவரால் மட்டுமே முடியும். பெரும்பாலான பள்ளிகளில் அந்த உரிமை அலுவலகத்திடமோ கணினி ஆசிரியரிடமோ இருக்கும். ஆகவே தொட்டியைக் காலி செய்யும் வேண்டுகோளும் கடிதத்தில் இடம்பெற வேண்டும். சில வேளை அது ஒன்றே தற்போதைய நெருக்கடியைத் தீர்த்துவிடும்.

கடிதம்

மேலே பார்த்த கணக்கை வைத்து ஒரு மாதிரிக் கடிதம் தருகிறோம். அந்தப் பத்தாம் வகுப்புப் பொது டிரைவுக்கு இப்போது 50 ஜிபி வரம்பு. சுருக்காமல் ஏற்றிய ஒன்பது பதிவுகளே 46.8 ஜிபியைப் பிடித்துக்கொண்டு, பத்தாவது ஏற மறுக்கிறது.

அனுப்புநர்
கணித ஆசிரியை,
பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் சார்பில்.

பெறுநர்
தலைமையாசிரியர் அவர்கள்,
பார்வைக்கு: பள்ளி அலுவலகம்.

நாள்: 14.07.2025

பொருள்: பத்தாம் வகுப்புப் பொது டிரைவின் வரம்பை 50 ஜிபியிலிருந்து 120 ஜிபியாக 30.04.2026 வரை உயர்த்தித் தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். பத்தாம் வகுப்புப் பாடப் பதிவுகளுக்கான பொது டிரைவில் சென்ற வாரம் முதல் புதிய பதிவுகள் ஏறவில்லை. எங்கள் சொந்தக் கணக்குகளில் கோப்புகள் ஏறுகின்றன. எனவே பொது டிரைவின் வரம்பு மட்டுமே நிறைந்துள்ளது எனத் தெரிகிறது.

அதிலிருந்த ஒன்பது பதிவுகள் சுருக்கப்படாதவை, அவை 46.8 ஜிபி இடத்தை எடுத்திருந்தன. அவற்றைச் சுருக்கி 2.7 ஜிபியாகக் குறைத்துவிட்டோம். பெரிய கோப்புகளைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பியுள்ளோம். அவற்றை நிரந்தரமாக நீக்கும் உரிமை எங்களிடம் இல்லை. தொட்டியைக் காலி செய்து தர வேண்டுகிறோம்.

இனி எல்லாப் பதிவுகளையும் சுருக்கியே ஏற்றுவோம். டிசம்பர் வரை ஐந்து ஆசிரியர்கள், வாரம் மூன்று வகுப்பு வீதம், 20 வாரங்களில் 300 பதிவுகள் ஏற்ற வேண்டியுள்ளது. ஒன்றுக்கு 300 எம்பி வீதம் 90 ஜிபி தேவை. இருக்கும் 2.7 ஜிபியையும், தவறாக ஏற்றி அழிக்கும் கோப்புகள் தொட்டியில் கிடக்கும் நாட்களையும் கருதி 120 ஜிபி கேட்கிறோம்.

அதுவரை புதிய பாடங்களைப் பதிவு செய்து வைக்கிறோம். மாணவர்களுக்குக் கொடுக்க இயலவில்லை. பழைய பதிவுகளை அழித்து இடம் உண்டாக்கினால் விடுப்பில் உள்ள மாணவர்களுக்கு அவை கிடைக்காமல் போகும்.

பொதுத் தேர்வுக்குப் பின், அடுத்த ஆண்டும் பயன்படும் பதிவுகளின் பட்டியலை 30.04.2026-க்குள் அலுவலகத்திடம் தருவோம். மற்றவற்றை நீக்கி இடத்தைத் திருப்பித் தருவோம்.

பதிவுகளில் கரும்பலகையும் ஆசிரியரும் மட்டுமே இருப்பர். மாணவர் முகங்கள் இடம்பெறா. பத்தாம் வகுப்பு மாணவர்களின் பள்ளிக் கணக்குகளுக்கு மட்டுமே பார்க்கும் அனுமதி தரப்பட்டுள்ளது.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணித ஆசிரியை.

கடிதம் இவ்வளவுதான். 'இக்காலக் கல்வியில் தொழில்நுட்பத்தின் பங்கு' என்றெல்லாம் ஒரு பத்தி சேர்க்கத் தோன்றும், வேண்டாம். அலுவலகத்தில் இருப்பவர் தேடுவது எண்ணையும் தேதியையும்தான். பொருள் வரியிலேயே இரண்டும் இருப்பதால், தலைமையாசிரியர் கடிதத்தின் ஓரத்தில் 'அனுமதிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட அது போதும்.

தேதி ஏன் முக்கியம் என்றால், எந்த நிர்வாகமும் ஒருமுறை கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறவே முடியாதோ என்று தயங்கும். ஏப்ரலில் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களே சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்பதற்கும் எளிய அளவுகோல் உண்டு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு இப்போதைய பாடநூல் 2019-20 கல்வியாண்டில் வந்தது. பாடநூல் மாறாத வரை முக்கோணவியல் பாடம் அதே முக்கோணவியல்தான். நன்றாக அமைந்த பதிவு அடுத்த ஆண்டும் உதவும். வீட்டுப்பாடம் திருத்தியது, வினாத்தாள் விவாதித்தது போன்றவை அந்த ஆண்டோடு முடிந்தன.

பட்டியல் போடுவது சுலபமாக இருக்க வேண்டுமானால் கோப்புகளுக்கு முதல் நாளிலிருந்தே ஒழுங்காகப் பெயர் வைக்க வேண்டும். `10-MAT-06-02_2025-11-04.mp4` என்றால் பத்தாம் வகுப்பு, கணிதம், ஆறாம் பாடம், இரண்டாம் வகுப்பு, தேதி என்று யாருக்கும் புரியும். `VID_20251104_1012.mp4` என்று போன் வைத்த பெயரிலேயே 300 கோப்புகள் கிடந்தால், ஏப்ரலில் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. மொத்தமாக அழித்துவிடுவார்கள்.

அலுவலகம் என்ன சொல்லக்கூடும்?

பள்ளிக்குக் கல்விக் கணக்கு இருந்து, பொது இடத்தில் மிச்சமும் இருந்தால், 120 ஜிபி என்பது ஒரு லட்சம் ஜிபியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். பள்ளிக்கு ஒரு ரூபாய் செலவில்லை. நிர்வாகி தன் பக்கத்தில் சேமிப்பு வரம்பை மாற்ற வேண்டியதுதான்.

'பள்ளி முழுவதற்குமான இடமே தீர்ந்துவிட்டது' என்ற பதில் வந்தால், யார் எவ்வளவு இடம் எடுத்திருக்கிறார்கள் என்ற அறிக்கையை நிர்வாகி பார்க்க வேண்டும்; அவருடைய திரையில் `Storage` என்ற பகுதியில் அது கிடைக்கும். சான்றிதழ் வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்ட மாணவர்களின் கணக்குகள் அதில் இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பது நல்லது. ஆனால் பள்ளியை விட்டுப்போன ஆசிரியர்களின் கணக்கை அவசரப்பட்டு நீக்கிவிடக் கூடாது. அவருடைய பாடப் பதிவுகளை முதலில் பொது டிரைவுக்கு மாற்ற வேண்டும்.

'ஹார்ட் டிஸ்க் வாங்கித் தருகிறோம், அதில் போட்டு வையுங்கள்' என்றும் சொல்லலாம். முடிந்த ஆண்டுகளின் பதிவுகளுக்கு அது நல்ல யோசனை, மறுக்க வேண்டியதில்லை. நடப்பு ஆண்டுக்கு அது உதவாது. அலுவலக அலமாரியில் பூட்டிய டிஸ்க்கை, வீட்டில் காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளை பார்க்க முடியாது. தவிர, ஒரே ஒரு டிஸ்க்கில் மட்டும் இருப்பதை இருப்பதாகவே கணக்கில் கொள்ளக் கூடாது; கீழே விழுந்தால் போச்சு.

யூடியூபில் ஏற்றிவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. இடப் பிரச்சினை அங்கே இல்லை என்பது உண்மை. பட்டியலில் வராதபடி மறைத்து ஏற்றினாலும், இணைப்பு யார் கையில் கிடைக்கிறதோ அவர்கள் எல்லாரும் பார்க்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பலகை மட்டும் தெரியும் பதிவுக்கு அது பெரிய விஷயமல்ல. வகுப்பில் பிள்ளைகள் தெரியும், பெயர் சொல்லி அழைக்கும் பதிவு என்றால் விஷயம் வேறு.

இந்த இடத்தில் பெற்றோர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பெண் பிள்ளைகளின் முகமோ குரலோ பதிவில் வருமா என்ற கவலை பல வீடுகளில் உண்டு. அதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. கேமரா எங்கே பார்த்து வைக்கப்படுகிறது, கேள்வி கேட்கும் பிள்ளையின் குரல் பதிவாகுமா, பதிவைப் பார்க்கும் அனுமதி யாருக்கு என்ற மூன்று கேள்விகளைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்டுவிடலாம். அனுமதி `Anyone with the link` என்று இருந்தால், இணைப்பு வாட்ஸ்அப்பில் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் பதிவு திறக்கும். அதை மாணவர்களின் பள்ளிக் கணக்குகளுக்கு மட்டும் என்று மாற்றச் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம் கடந்தும் பதில் இல்லை என்றால், ஆசிரியர் அதே கடிதத்தின் நகலோடு, இதுவரை ஏற்ற முடியாமல் நிற்கும் பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் ஒரு வரியில் சேர்த்து மீண்டும் கொடுக்கலாம். வாரத்துக்குப் பதினைந்து வீதம் அது முப்பதாகியிருக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பேசப்போகிறவரும் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.